யூகே கெயார் விசாவில ரெண்டாவது வேலை: அந்த 20 மணித்தியாலக் கணக்கு

வெள்ளவத்தையில எங்கட ஃபிளட்ஸ்ல மேல்மாடியில இருக்கிற அன்ரியின்ட மகள் 2023ல லெஸ்டருக்கு கெயார் விசாவில போனவ. இங்க ஏஜெண்டுக்கு குடுத்த காசுக்கு அன்ரியின்ட நகை இன்னும் அடகில கிடக்கு, அதால ஒவ்வொரு ஞாயிறும் வாட்ஸ்அப் கோல்ல கடைசியில வாற கதை ஒண்டுதான், "பிள்ளை, வேற ஏதும் பார்ட் டைம் பார்க்கேலாதோ". பிள்ளைக்கும் ஆசை இல்லாம இல்லை. மூண்டு இடத்தில கேட்டிருக்கினம். ஒரு தமிழ் கடையில கிழமைக்கு மூண்டு இரவு கல்லாவில நிக்கச் சொல்லி, சம்பளம் கையில காசா. இன்னொரு கெயார் ஹோம்ல சனி ஞாயிறு ரெண்டு ஷிப்ட். மூண்டாவது, கூட இருக்கிற பெடியன் ஒருத்தன் தன்ர சாப்பாட்டு டெலிவரி அக்கவுண்டை வாடகைக்குத் தாறன், சைக்கிளும் தாறன் எண்டிருக்கிறான்.

"இதில எதை செய்யலாம் அண்ணா" எண்டு எனக்கு வொய்ஸ் போட்டா. நான் முந்தி பம்பலப்பிட்டியில விசா பாரம் நிரப்பிற ஒரு சின்ன ஒஃபிஸ்ல இருந்தனான், அதால ஃபிளட்ஸ்ல எல்லாரும் என்னட்டத்தான் கேக்கிறது. அதுக்குள்ள அங்கிள் குறுக்க வந்து "நான் டுபாய்ல செய்யாத பார்ட் டைமோ, ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்லை" எண்டார். அங்கிளிட கதை அவர் பிடிபடாத கதை, சட்டம் வேற. டுபாய்ல ரெண்டாவது இடத்தில வேலை செய்யிறதெண்டா அதுக்கெண்டு அங்கத்தைய தொழில் அமைச்சின்ட பெர்மிட் முதல்ல எடுக்கவேணும். சிங்கப்பூர் வேர்க் பெர்மிட்டெண்டா அதில பேர் இருக்கிற முதலாளிட்ட, அதில எழுதியிருக்கிற வேலை மட்டும்தான். யூகேயில வேற மாதிரி. நாட்டுக்கு நாடு, ஒரே நாட்டுக்குள்ள விசாவுக்கு விசா மாறும், அதால வேற ஆளிட அனுபவத்தை வச்சு இதுல முடிவெடுக்கக் கூடாது.

சரி, யூகேயில ஸ்கில்ட் வேர்க்கர் விசா, அதுக்குள்ளயே வாற ஹெல்த் அண்ட் கெயார் விசா, இந்த ரெண்டிலயும் ரெண்டாவது வேலைக்கு முழுத் தடை இல்லை. ஸ்பொன்சரிட்ட, அதாவது விசாவுக்கு உங்களை எடுத்த முதலாளிட்ட, செய்யிற வேலையை விடாம செய்துகொண்டு, அந்த வேலை நேரத்துக்கு வெளியில, கிழமைக்கு 20 மணித்தியாலம் வரைக்கும் இன்னொரு இடத்தில செய்யலாம். ஹோம் ஒஃபிஸுக்கு தனியா விண்ணப்பம் போடத் தேவையில்லை. ரெண்டாவது முதலாளிட்ட ஸ்பொன்சர் லைசன்ஸ் இருக்கவேணும் எண்டும் இல்லை, இது கனபேருக்குத் தெரியாது, லைசன்ஸ் இருக்கிற இடமாத்தான் தேடவேணும் எண்டு நினைச்சு நல்ல இடங்களை விட்டுப்போடுவினம். ஆனா எல்லாரும் காதில விழுத்துறது "20 மணித்தியாலம்" எண்ட அந்த ஒரு சொல்லைத்தான். இருபதுக்குள்ள எண்டா என்ன வேலையும் ஓகே எண்டு நினைக்கினம். அங்கதான் பிழைக்குது, ஏனெண்டா அந்த இருபது மணித்தியாலமும் எந்த வேலையில எண்டதும் சட்டத்தில இருக்கு. ஸ்டுடண்ட் விசாவுக்கும் 20 மணித்தியாலம் எண்டு ஒரு கணக்கு இருக்கிறதால ரெண்டையும் போட்டுக் குழப்பிறது, ஸ்டுடண்ட் பெடியள் கடையில நிக்கலாம், கெயார் விசாவில வந்த பிள்ளை நிக்கேலாது.

யூகேயில ஒவ்வொரு தொழிலுக்கும் நாலு இலக்கத்தில ஒரு கோட் இருக்கு. ஸ்பொன்சர் உங்களுக்கு ஏத்தின சிஓஎஸ்ல, அதாவது சேர்ட்டிபிகேட் ஒஃப் ஸ்பொன்சர்ஷிப்ல, அந்தக் கோட் இருக்கும், கிழமைக்கு எத்தனை மணித்தியாலம் எண்டும் இருக்கும். எங்கட பிள்ளையிட சிஓஎஸ்ல 6145. இப்ப கெயார் வேர்க்கருக்கு 6135 எண்டு போட்டிருக்கே, எனக்கு மாறிக் குடுத்திட்டினமோ எண்டு அவவுக்கு ஒரு பயம். பயப்பட ஒண்டும் இல்லை, 2024 ஏப்ரல் 4ல யூகே முழு கோட் லிஸ்டையும் புதுசாக்கினது, கெயார் வேர்க்கரின்ட 6145 புது லிஸ்ட்ல 6135 ஆச்சு, சீனியர் கெயார் வேர்க்கர் 6146 போய் 6136 ஆச்சு. வேலை அதே வேலைதான்.

இப்ப மூண்டு ஓஃபரையும் இந்தக் கோட்டோட வச்சுப் பாருங்கோ. இன்னொரு கெயார் ஹோம்ல கெயார் வேர்க்கர் எண்டா அதே தொழில், அதே கோட், அது சரி. கடைக் கல்லாவில நிக்கிறது சேல்ஸ் அசிஸ்டண்ட் வேலை, அது ஸ்கில்ட் வேர்க்கர் லிஸ்ட்லயே இல்லாத வேலை, அதால 20 இல்லை, ரெண்டு மணித்தியாலம் நிண்டாலும் விசா கொண்டிஷனை மீறினதுதான். பெற்றோல் ஷெட், கிளீனிங், கிச்சன்ல கோப்பை கழுவுறது எல்லாம் இதே கணக்கு. டெலிவரியும் அப்பிடித்தான், அதில அக்கவுண்ட் வேற ஆளிட பேர்ல எண்டா இன்னும் மோசம், காசு அவன்ட பேர்ல வரும், பிடிபட்டா ஓடினது நீங்கள். கடைக்கார அண்ணை நல்ல மனுசனா இருக்கலாம், ஊர்க்காரரா இருக்கலாம், "எங்கட ஆக்கள்தானே, ஒண்டும் வராது" எண்டு சொல்லுவார். ரைட் டு வேர்க் இல்லாத ஆளை வச்சிருந்தா அவருக்கு 2024 பெப்ரவரி 13ல இருந்து ஒரு ஆளுக்கு முதல்தரமே 45,000 பவுண்ஸ் வரை ஃபைன், திரும்பப் பிடிபட்டா 60,000 வரை. அவ்வளவு ரிஸ்க் எடுக்கிற ஆள் ஏன் கையில காசு தாறார் எண்டு யோசிச்சா விளங்கும், புத்தகத்தில உங்கட பேர் இருக்கக் கூடாது. அப்பிடிப் பேர் இல்லாத இடத்தில சம்பளம் தராட்டியும் போய்க் கேக்கப் பயமாத்தான் இருக்கும், அதுவும் அவருக்குத் தெரியும். அதோட விசா கொண்டிஷனை மீறினது எண்டு தெரிஞ்சுகொண்டே வேலை செய்யிறது 2016ல வந்த குடிவரவுச் சட்டத்துக்குப் பிறகு வேலை செய்யிற ஆளுக்கும் குற்றம், உழைச்ச காசைக் கூட பறிக்க வழி வச்சிருக்கினம்.

கெயார் தவிர வேற ஏதும் செய்யலாமோ எண்டு கேட்டா, ஸ்கில்ட் வேர்க்கர் லிஸ்ட்ல தகுதியான வேற கோட்டுகளும் இருக்கு. ஆனா இங்க ஒரு கவனம். 2025 ஜூலை 22ல அந்த லிஸ்டை டிகிரி லெவலுக்கு உயர்த்தினவை, அதோட கனக்க தொழில் வெட்டுப்பட்டுப் போச்சு, வெளிநாட்டில இருந்து புதுசா கெயார் வேர்க்கர் எடுக்கிறதும் அண்டோட நிண்டது. ஏற்கனவே விசாவில இருக்கிறவைக்கு இடைக்காலமா சில வழி விட்டிருக்கினம். அதால 2024ல ஆரோ போட்ட வீடியோவில "ஷெஃப் வேலையும் பார்ட் டைமா செய்யலாம்" எண்டு சொன்னதை இண்டைக்கு அப்பிடியே எடுக்கக் கூடாது, உங்களுக்கு முதல் விசா கிடைச்ச திகதியையும் கையில வச்சுக்கொண்டுதான் வாசிக்கவேணும். வாசிக்கிற இடம் gov.uk. அதில உங்கட விசா பேரைத் தேடினா Health and Care Worker visa எண்டு வரும், பக்கத்தில இருக்கிற தலைப்புகள்ல Taking on additional work எண்டு ஒண்டு இருக்கும். ஒரு பக்கம்தான், இங்கிலிஷும் லேசு. மற்றப் பக்கங்கள் எல்லாம் அதைப் பார்த்து எழுதினதுதான், சிலது பிழையாப் பார்த்து எழுதினது.

இனி மணித்தியாலம். சனி ஞாயிறு ரெண்டு ஷிப்ட் எண்டு சொன்னா காதுக்கு நல்லா இருக்கு. கெயார் ஹோம் ஷிப்ட் எத்தனை மணித்தியாலம் எண்டு கேட்டன், 12 எண்டா. பன்ரெண்டும் பன்ரெண்டும் இருபத்தினாலு. முடிஞ்சுது. பிரேக்குக்கு காசில்லை, ஒரு மணித்தியாலத்தைக் கழிச்சா 11 எண்டு பிள்ளை சொன்னா, கழிச்சாலும் 22 தானே வருது. "அப்ப ஒரு கிழமை 24, அடுத்த கிழமை 12, சராசரி 18 தானே அண்ணா" எண்டு அடுத்த கேள்வி. அப்பிடி சராசரி எடுக்கேலாது, ஒவ்வொரு கிழமையும் தனியா 20க்குள்ள நிக்கவேணும். கடைசியில அவ அங்க கேட்டு எடுத்தது சனிக்கிழமை முழு ஷிப்ட் 12, ஞாயிறு பின்னேரம் 4 மணித்தியாலம், மொத்தம் 16. மிச்ச நாலு மணித்தியாலம் ஏன் வேஸ்ட் எண்டு அன்ரி இங்க இருந்து கவலைப்பட்டா. அது வேஸ்ட் இல்லை. கெயார் ஹோம்ல அடுத்த ஆள் பிந்தி வந்தா போகேலாது, ஹேண்ட்ஓவர் இழுபடும், ட்ரெய்னிங் எண்டு ஒரு நாள் கூப்பிடுவினம், அந்த நேரமும் வேலை நேரம்தான். 20ல 20 எடுத்து வச்சிருக்கிற ஆள் அரை மணித்தியாலம் பிந்தி வெளிக்கிட்டாலே கோட்டைத் தாண்டின ஆள். இரவு ஷிப்ட் ஞாயிறில தொடங்கி திங்கள் முடியிறதெண்டா அதை ரெண்டாப் பிரிச்சு எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறன். ஒரு சின்னக் கொப்பி, திங்கள் தொடங்கி ஞாயிறு வரைக்கும், உள்ள போன நேரம் வெளியில வந்த நேரம், அவ்வளவுதான்.

மெயின் வேலையில லீவு எடுத்த கிழமையில ரெண்டாவது இடத்தில கூட செய்யலாம் எண்டும் ஒரு கதை உலாவுது. இல்லை, லீவிலயும் 20 தான். அதைவிட மோசம், மெயின்ல சிக் அடிச்சுப் போட்டு மற்ற இடத்துக்குப் போறது, அது விசாவாலயும் பிழை கொன்ட்ராக்டாலயும் பிழை, கெயார் ஹோம் எல்லாம் ஒரே ஊருக்குள்ள, மனேஜர்மார் ஒருத்தரை ஒருத்தர் தெரியும்.

இதுக்கு முன்னமே நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒண்டு, ஸ்பொன்சரிட்ட ஓவர்டைம் இல்லையோ எண்டு. ஸ்பொன்சரிட்ட அதே வேலையை கூட நேரம் செய்யிறது இந்த 20க்குள்ள வராது, ரெண்டாவது வேலையே இல்லை அது. ஓவர்டைம் கிடைக்குமெண்டா இந்தத் தலையிடி ஒண்டும் தேவையில்லை. பிள்ளையிட இடத்தில இல்லை, மாறி அங்க மணித்தியாலத்தைக் குறைக்கிறதுதான் பிரச்சினை, சிஓஎஸ்ல 39 எண்டு போட்டிட்டு ரோட்டாவில சில கிழமை 30 தான் வருதாம். இது பாரதூரமான விஷயம். ரெண்டாவது வேலைக்கு உரிமை வாறதே மெயின் வேலை உயிரோட இருக்கிறதாலதான். மெயின் வேலை நிண்டா ரெண்டாவதை மட்டும் பிடிச்சுக்கொண்டு இருக்கேலாது. ஸ்பொன்சர் சிஓஎஸ்ல சொன்ன சம்பளம் உண்மையில போகுதோ எண்டு ஹோம் ஒஃபிஸ் வரித் திணைக்களத்தின்ட, அதாவது எச்எம்ஆர்சியின்ட பதிவோட ஒப்பிட்டுப் பார்க்கிறது, அதில துண்டு விழுந்தா கேள்வி ஸ்பொன்சருக்கு வந்தாலும் ஆட்டம் காணுறது பிள்ளையிட விசா. அதால மணித்தியாலம் குறையிற ஒவ்வொரு தரமும் ஈமெயில்ல கேக்கச் சொன்னன், ஃபோன்ல இல்லை, எழுத்தில. ரோட்டாவை ஃபோட்டோ எடுத்து வைக்கச் சொன்னன். ஸ்பொன்சர் வேலை தராத இடைவெளியை ரெண்டாவது வேலையால நிரப்பிறது வெளியில பார்க்க ஒரு தீர்வு மாதிரி இருக்கும், ஆனா அடியில அத்திவாரம் கரையுது, அந்த நேரம் செய்யவேண்டியது வேற ஸ்பொன்சர் தேடுறது.

20க்கு மேல செய்ய வழியே இல்லையோ எண்டா, இருக்கு. ரெண்டாவது முதலாளியும் ஸ்பொன்சரா வந்து இன்னொரு சிஓஎஸ் தந்து, விசாவை அப்டேட் பண்ண விண்ணப்பிச்சு, அது கிடைச்ச பிறகு செய்யலாம். காசும் நேரமும் போற வேலை, வார இறுதி ஷிப்டுக்காக ஒரு முதலாளி அதுக்குள்ள இறங்கி நான் பார்க்கேல்லை.

சரிபார்க்கிற வேலையை பிள்ளை ஒரு பின்னேரத்தில முடிச்சவ. முதல்ல ஈவிசா. பழைய பிளாஸ்டிக் பிஆர்பி கார்ட் எல்லாம் 2024 டிசம்பர் 31ஓட சரி, இப்ப gov.ukல View and prove your immigration status எண்ட இடத்தில லொகின் பண்ணினா விசா என்ன, எப்ப முடியுது, என்ன வேலை செய்யலாம் எண்டு இருக்கும். அதில ஸ்கிரீன்ஷொட் எடுத்து திகதியோட வச்சுக்கொண்டா. ரெண்டாவது, சிஓஎஸ்ஸின்ட முழுக் கொப்பியை எச்ஆர்ட்ட கேட்டது. கன பேரிட்ட நம்பர் மட்டும்தான் இருக்கும், விண்ணப்பிக்க அது காணும், ஆனா கோட்டும் மணித்தியாலமும் உள்ளுக்குத்தான் இருக்கு. மூண்டாவது ஸ்பொன்சரோட இருக்கிற கொன்ட்ராக்ட். விசா விட்டாலும் கொன்ட்ராக்ட் விடாம இருக்கலாம், "எங்கட அனுமதி இல்லாம வேற இடத்தில வேலை செய்யக்கூடாது" எண்டு ஒரு வரி கனக்க கொன்ட்ராக்ட்ல இருக்கும், அவவிடயதில 14வது பந்தியில இருந்தது. அதை வாசிக்காம போயிருந்தா ஹோம் ஒஃபிஸ் ஒண்டும் சொல்லாது, ஆனா ஸ்பொன்சர் அதைச் சாட்டி வேலையால நிப்பாட்டியிருக்கலாம், வேலை போனா விசா போற மாதிரித்தான்.

அதால மனேஜருக்கு எழுதினா. எழுதிக் குடுத்தது நான்தான், மூண்டு வசனம். சனி ஞாயிறு என்ட ரோட்டா இல்லாத நேரத்தில, இன்ன கெயார் ஹோம்ல, 16 மணித்தியாலம், அனுமதி தாங்கோ. அதோட இன்னொண்டும் கேட்டது, நான் இப்பவும் உங்களிட்ட வேலை செய்யிறன், தொழில் கோட் இது, வழமையான வேலை நேரம் இது எண்டு ஒரு கடிதம். இந்தக் கடிதம் ரெண்டாவது முதலாளிக்குத் தேவை. அவையள் ரைட் டு வேர்க் செக் செய்யேக்க ஷேர் கோட் கேப்பினம், வேலைக்கான ஷேர் கோட் W எழுத்தில தொடங்கும், 90 நாள் வேலை செய்யும், அதையும் பிறந்த திகதியையும் போட்டு அவையள் ஒன்லைன்ல பார்ப்பினம். ஆனா அந்த ஸ்கிரீனைப் பார்த்தா பிள்ளை இப்பவும் ஸ்பொன்சரிட்ட நிக்கிறாவோ, எந்த நேரம் வேலையோ எண்டு தெரியாது. ஒழுங்கான இடமெண்டா கடிதம் கேக்கும். ஒண்டும் கேக்காம "நாளைக்கே வாங்கோ" எண்டு சொல்லுற இடத்தில நான் ரெண்டு தரம் யோசிப்பன். ஷேர் கோடை வாட்ஸ்அப் குறூப்ல கேக்கிற ஏஜெண்ட்மாருக்கு அனுப்ப வேண்டாம் எண்டும் சொல்லி வச்சிருக்கு.

39ஓட 16 கூட்டினா 55. யூகேயில கிழமைக்கு 48 மணித்தியாலம் எண்டு ஒரு பொது எல்லை இருக்கு, அது 17 கிழமை சராசரி, விருப்பமெண்டா எழுதிக் குடுத்து விலகலாம். புது இடம் அந்தப் பேப்பரை நீட்டினது, சைன் வைக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தேலாது, ஆனா வைக்காட்டி அவவுக்கு அந்த மணித்தியாலம் கிடைக்காது. இது விசாவோட சம்பந்தமில்லாத சட்டம், குழப்பிக்கொள்ளாதேங்கோ, இங்க விலகினாலும் அந்த 20 அப்பிடியே நிக்கும்.

காசுக் கணக்கும் சொல்லவேணும், ஏனெண்டா முதல் பேஸ்லிப் பார்த்திட்டு அன்ரி "வெட்டிப்போட்டாங்கள்" எண்டு கத்தினவ. மணித்தியாலம் 13 பவுண்ஸ், 16 மணித்தியாலத்துக்கு 208. வருஷத்துக்கு 12,570 பவுண்ஸ் வரை வரியில்லை எண்ட சலுகையை மெயின் வேலை ஏற்கனவே எடுத்திட்டுது, அதால ரெண்டாவது வேலையில முதல் பவுண்ட்ல இருந்தே 20 வீதம் போகும், பேஸ்லிப்ல BR எண்டு நிண்டா அதுதான் அர்த்தம். 208ல 41.60 போக 166.40. நேஷனல் இன்சூரன்ஸ் ஒவ்வொரு முதலாளிட்டயும் தனித்தனியாப் பார்க்கிறதால கிழமைக்கு 242 பவுண்ஸுக்குக் கீழ எண்டா பிள்ளையிட பக்கத்தால ஒண்டும் வெட்டுப்படாது. சேரேக்க ஒரு செக்லிஸ்ட் தருவினம், அதில எனக்கு இன்னொரு வேலை இருக்கு எண்ட C யை அடிக்கவேணும். பிழையா A அடிச்சா முதல்ல காசு கூட வரும், சந்தோஷமா இருக்கும், பிறகு எச்எம்ஆர்சி திருப்பிக் கேக்கும்.

கோயில்ல அன்னதானத்துக்கு உதவப் போறதும் பிழையோ எண்டு பிள்ளை நடுவில கேட்டவ. சம்பளம் வாங்காத தொண்டு வேலைக்கு விசாவில தடை இல்லை, பஸ் காசு தந்தாலும் பரவாயில்லை. ஆனா "வொலண்டியர்" எண்டு பேர் வச்சுப் போட்டு நாளுக்கு இவ்வளவு எண்டு கையில வச்சா அது சம்பளம்தான்.

இவ்வளவு பார்த்தும் சந்தேகம் எண்டா அங்கயே ஆலோசனை கேக்கவேணும். யூகேயில குடிவரவு ஆலோசனை சொல்லுறதுக்கே பதிவு வேணும், சொலிசிட்டரா இருக்கவேணும் அல்லது ஐஏஏயில பதிஞ்சிருக்கவேணும், முந்தி ஓஐஎஸ்சி எண்டு இருந்தது 2025 ஜனவரியில பேர் மாறினது. பதிஞ்ச ஆளோ எண்டு gov.ukலயே தேடிப் பார்க்கலாம். சிட்டிசன்ஸ் அட்வைஸ்ல காசில்லாம கதைக்கலாம். இங்க பத்தரமுல்லையில இருக்கிற பீரோவில போய் நிண்டு இந்தக் கேள்வியைக் கேக்கிறதில பிரயோசனம் இல்லை, அது இங்கயிருந்து போறவையைப் பதியிற இடம், யூகே விசா கொண்டிஷனுக்கு விளக்கம் சொல்லுற இடம் இல்லை.

மனேஜர்ட்ட இருந்து கடிதம் வர அஞ்சு கிழமை எடுத்தது. அந்த அஞ்சு கிழமையும் கடைக்கார அண்ணை ரெண்டு தரம் கூப்பிட்டவராம், பிள்ளை போகேல்லை. இப்ப சனிக்கிழமைகள்ல கோல் இல்லை, ஞாயிறு இங்க இரவு பதினொண்டுக்குப் பிறகுதான் எடுப்பா, அன்ரி அதுவரைக்கும் முழிச்சிருப்பா. அடகில இருந்து முதல் வளையலை போன மாசம் மீட்டது, மிச்சம் இன்னும் இருக்கு.